மூன்று ஆண்டு கழித்து

ஓய்வுக்காலத்துக்கு மாதம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் ஒற்றைத் தொகையாகத்தான் சொல்வார்கள். முப்பதாயிரம் இருந்தால் ஓட்டிவிடலாம், நாற்பதாயிரம் என்றால் நிம்மதி, இப்படி. அந்தத் தொகைக்குள் பால் காசும், பேரனுக்கு வாங்கும் சைக்கிளும், ரத்த அழுத்த மாத்திரையும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. மூன்றின் விலையும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. கை இறுகும்போது மூன்றையும் ஒரே மாதிரி குறைக்கவும் முடியாது. வங்கியில் வேலை பார்த்த காலத்தில், ஓய்வு பெற்று ஐந்தாறு ஆண்டுகளில் வைப்புத்தொகையை முறிக்க வந்து நின்ற பெரியவர்கள் பலரிடம் நான் பார்த்தது இந்தக் கலப்படத்தின் விளைவைத்தான். அவர்களில் ஊதாரிகள் யாரும் இல்லை.

கோவையில் பம்பு தயாரிக்கும் ஆலை ஒன்றில் வேலை பார்த்த என் அண்ணன் 60 வயதில் ஓய்வு பெற்றபோது, அவரோடும் அண்ணியோடும் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டோம். வீடு சொந்தம், கடன் இல்லை. வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, பழைய சேமிப்பு எல்லாம் சேர்ந்து 48 லட்சம். அதில் 30 லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டார். ஒருவர் பெயரில் அதுதான் உச்சவரம்பு. 8.2 விழுக்காடு வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும், மாதத்துக்கு 20,500. தொழிலாளர் ஓய்வூதியம் 4,500. ஆக, மாத வருமானம் 25,000. அரசு ஓய்வூதியருக்கு அகவிலைப்படி ஏறும். இந்த 25,000 ஏறாது. இதை மறந்துவிட்டுப் போடும் எந்தக் கணக்கும் நிற்காது.

செலவை இரண்டாகப் பிரிக்கும்போது, எது தேவை, எது விருப்பம் என்று பெயரை வைத்துப் பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வேறொரு கேள்வி வைத்துக்கொண்டோம். இந்தச் செலவை மூன்று மாதம் நிறுத்தினால் உடம்புக்கோ வீட்டுக்கோ சேதம் வருமா? வரும் என்றால் அது முதல் தாளில், வராது என்றால் இரண்டாம் தாளில். முதல் தாளில் மளிகை, பால், காய்கறி, எரிவாயு 9,800. மின்சாரம், தொலைபேசி 1,900. போக்குவரத்து 1,000. இவை எளிது. தவறிப்போவது மாதாமாதம் வராதவைதான்: அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி, ஆண்டுக்கு ஒருமுறை வண்டிக் காப்பீடு, எப்போதாவது வரும் மோட்டார் பழுது, மொட்டைமாடி ஒழுகல். முந்தைய இரண்டு ஆண்டு ரசீதுகளைக் கூட்டி மாதத்துக்குப் பங்கிட்டதில் 1,800 வந்தது. ஆக வீட்டுச் செலவு 14,500.

இரண்டாம் தாளில் கோயில் பயணம், ஓட்டல், பத்திரிகைச் சந்தா, பேரப்பிள்ளைகளுக்குத் துணிமணி, நன்கொடை, மொய் எல்லாம் சேர்ந்து 6,500. மொய்யை அங்கே எழுதியதும் அண்ணி மறுத்தார். “தம்பி, மக கல்யாணத்துல வந்ததெல்லாம் நோட்டுல எழுதி வச்சிருக்குதுங்க. அதைத் திருப்பிச் செய்யறது நம்ம இஷ்டமில்லீங்க, கடனுங்க” என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம். மொய் நோட்டை எடுத்துப் பார்த்தோம். திருப்பிச் செய்ய வேண்டிய வீடுகளில் இன்னும் திருமணமாகாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று பெயர் பெயராகக் கணக்கிட்டதில் ஏறத்தாழ ஒரு லட்சம் வந்தது. முடிவுள்ள கடன் அது. ஆகவே மாதச் செலவில் சேர்க்காமல், மொத்தத்திலிருந்து ஒரு லட்சத்தை அதற்கென்றே ஒதுக்கிவிட்டோம். புதிதாகச் செய்யும் மொய் மட்டும் இரண்டாம் தாளில் நின்றது. நம் ஊரில் ஓய்வுக்கால வரவுசெலவு எழுதும் எவரும் இந்த நோட்டைப் பார்க்காமல் எழுதக் கூடாது.

மருத்துவத்துக்கு வருவோம். இதை ஒரே வரியாக எழுதினால் எதுவுமே தெரியாது. மூன்றாகப் பிரிக்க வேண்டும். மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் மாதாமாதம் நடப்பவை, இருவருக்கும் சர்க்கரை, அண்ணனுக்கு ரத்த அழுத்தமும் உண்டு, 2,500 ஆகிறது. காப்பீட்டுப் பிரீமியம் ஆண்டுக்கு 42,000, அதாவது மாதத்துக்கு 3,500. மூன்றாவது, மருத்துவமனையில் படுத்தால் காப்பீடு தராமல் நம் கையிலிருந்து போவது. முதல் இரண்டும் சேர்ந்து 6,000. அது முதல் தாளுக்குப் போனது. அவசியச் செலவு மொத்தம் 20,500. வருமானம் 25,000. அண்ணன் முகம் மலர்ந்தது. “நாலாயிரத்து ஐந்நூறு மிச்சம்டா தம்பி” என்றார்.

இன்றைய தாளுக்கு அது சரி. மூன்று ஆண்டு கழித்து என்ன ஆகும் என்று அடுத்த பத்தியைப் போட்டேன். வீட்டுச் செலவுக்கு ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏற்றம் வைத்தேன். ரிசர்வ் வங்கி தாங்கலாம் என்று வைத்திருக்கும் மேல்வரம்பு அது. மருத்துவத்துக்கு 12 விழுக்காடு. இது அதிகமாகத் தோன்றலாம். ஆனால் மருத்துவச் செலவு இரண்டு காரணங்களால் ஏறுகிறது: மருந்து, சிகிச்சை ஆகியவற்றின் விலை ஏறுகிறது; வயது ஏற ஏற மாத்திரைகளின் எண்ணிக்கையும் கூடுகிறது. பிரீமியமும் அப்படித்தான். 60 வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் காப்பீட்டு நிறுவனம் தன்னைக் கலந்தாக வேண்டும் என்று 2025இல் ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது நல்ல காரியம். அந்தப் பத்து விழுக்காட்டிலும் ஏழெட்டு ஆண்டுகளில் பிரீமியம் இரட்டிப்பாகிவிடும்.

மூன்று ஆண்டு கழித்து வீட்டுச் செலவு 17,270. மருத்துவம் 8,430. கூட்டினால் 25,700. வருமானம் அதே 25,000. ஒரு கோயிலுக்கும் போகாமல், ஒரு ஓட்டலிலும் சாப்பிடாமல், அவசியச் செலவு மட்டுமே வருமானத்தைத் தாண்டிவிட்டது. பத்து ஆண்டு கழித்து வீட்டுக்கு 26,000, மருத்துவத்துக்கு 18,600, மொத்தம் 44,600. இன்று அவசியச் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத மருத்துவம், அன்று ஐந்தில் இரண்டு பங்கைத் தாண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே ஆறு விழுக்காடு போட்டிருந்தால் 36,700 என்று வந்திருக்கும். மாதம் எட்டாயிரத்தைத் தொடும் வேறுபாடு கண்ணில் பட்டிருக்காது.

மீதி 18 லட்சத்தை இந்தப் பத்தியைப் பார்த்துத்தான் பிரித்தோம். மருத்துவமனைக்கு 5 லட்சம், மொய்க்கு 1 லட்சம், விருப்பச் செலவுக்கு 3 லட்சம், எதிர்காலப் பற்றாக்குறைக்கு 9 லட்சம். அந்த 9 லட்சம் ஏழு விழுக்காடு வட்டி ஈட்டினால், ஆண்டுதோறும் விழும் துண்டை ஏறத்தாழ 12 ஆண்டு அடைக்கும். பிறகு 30 லட்சத்தின் முதலிலேயே கைவைக்க வேண்டும். அண்ணன் நெடுநேரம் பேசவில்லை.

பிறகு மருந்துச் சீட்டை எடுத்து வைத்தோம். மருத்துவரிடம் கேட்டு, அதே மூலக்கூறு உள்ள மருந்துகளை மக்கள் மருந்தகத்தில் வாங்கியதில் 2,500 ரூபாய் 1,300 ஆனது. அவசியச் செலவு வருமானத்தைத் தாண்டும் நாள் ஓராண்டு தள்ளிப்போனது; 9 லட்சம் தாங்கும் காலம் 12 ஆண்டிலிருந்து 14 ஆண்டானது. தொடக்கத்தில் குறையும் 1,200 ரூபாய்க்கு இவ்வளவு வலிமை. அது 12 விழுக்காட்டில் ஏறும் வரியிலிருந்து குறைகிறது என்பதே காரணம். காப்பித்தூளிலோ கேபிள் கட்டணத்திலோ அதே 1,200ஐ மிச்சப்படுத்தினால் இவ்வளவு பலன் வராது.

5 லட்சம் எதற்கு, காப்பீடுதான் இருக்கிறதே என்று கேட்பார்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். அறை வாடகை நாளுக்கு 5,000 வரை என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கிடைத்த அறை 8,000. மருத்துவமனைக் கட்டணம் 2,40,000. அதில் மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவி 1,40,000. அறை, அறுவை சிகிச்சை, மருத்துவர் கட்டணம் 1,00,000. பல ஒப்பந்தங்களில் இந்த ஒரு லட்சம் முழுவதும் எட்டில் ஐந்தாகக் குறைக்கப்படும். 37,500 நம் தலையில். மீதி 2,02,500இல் நோயாளியின் பங்கு 20 விழுக்காடு என்று இருந்தால் இன்னும் 40,500. ஒருமுறை படுத்து எழுந்ததில் 78,000 போய்விட்டது. ஆகவே அந்த 5 லட்சத்திலிருந்து பிரீமியம் கட்டுவதோ மாத்திரை வாங்குவதோ கூடாது. அதன் வட்டியும் அதிலேயே சேர வேண்டும்.

பணம் குறையும்போது நம் பெரியவர்கள் முதலில் குறைப்பது விருப்பச் செலவை அல்ல. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவார்கள், மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவார்கள். வெளியில் தெரியாத, உடனே வலிக்காத குறைப்பு அதுதான். உறவினர் திருமணத்துக்குப் போகாமல் இருந்தால் ஊருக்குத் தெரியும். மாத்திரை போடாதது யாருக்கும் தெரியாது. உங்கள் வீட்டில் மாத்திரை அட்டை ஒரு மாதம் கழித்தும் தீராமல் இருந்தால், வரவுசெலவு கவிழத் தொடங்கிவிட்டது என்று பொருள். இரண்டு தாள் எழுதுவதே இந்த வரிசையை மாற்றத்தான்.

அதற்காக இரண்டாம் தாளைப் பட்டினி போடச் சொல்லவில்லை. முதல் ஆண்டுகளின் மிச்சமும் ஒதுக்கிய 3 லட்சமும் சேர்ந்து, மாதம் 6,500 என்ற அளவில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுக்கு வரும். காசியும் ராமேசுவரமும் 65 வயதுக்குள் முடிந்துவிட வேண்டும் என்று அண்ணி சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. முழங்கால் ஒத்துழைக்கும் ஆண்டுகள் அவை. 75இல் அந்தச் செலவு தானாகவே சுருங்கும். அப்போது வேறொன்று தாள் மாறும்: இன்று விருப்பமாக இருக்கும் வீட்டு வேலை உதவியும் ஆட்டோவும் அன்று அவசியமாகிவிடும்.

ஆண்டுதோறும் பிரீமியம் அறிவிப்பு வரும் வாரத்தில் முதல் தாளை மட்டும் புதுப்பிக்கிறோம். மூத்த குடிமக்கள் திட்டத்தின் ஐந்தாண்டு முடியும்போது வட்டி 8.2 இருக்கும் என்ற உறுதி இல்லை; அன்று எல்லாப் பத்திகளையும் மறுபடி போட வேண்டும்.

இன்னொரு தாளும் எழுதினோம், ஒருவர் மட்டும் மிஞ்சினால் என்று. அண்ணன் இல்லையென்றால் ஓய்வூதியம் பாதியாகிவிடும், 2,250. செலவு பாதியாகாது, சொத்து வரியும் மோட்டார் பழுதும் அப்படியே நிற்கும். அஞ்சலகக் கணக்கை அண்ணியையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காகத் தொடங்கியது அதனால்தான். அந்தத் தாளின்படி அண்ணிக்கு மாதம் வருவது 22,750. அவருடைய மருத்துவத்தையும் சேர்த்து அவசியச் செலவு இன்றைய விலையில் 15,000.