பிறைக்குக் காத்திருக்கும் விடுப்புக் கடிதம்



2025ஆம் ஆண்டு ரமலானின் நடுப்பகுதியில், ஓர் இரவு தராவீஹ் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, என்னிடம் சிறுவயதில் ஓதிய மாணவர் ஒருவர் கையில் ஒரு தாளுடன் நின்றார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் உதிரிபாகத் தொழிற்சாலையொன்றில் எந்திரம் இயக்குபவர். ஆற்காட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் சென்று வருகிறார்.

“ஹஜ்ரத், சூப்பர்வைசர் லீவு லெட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நீங்கள் ஒருமுறை பார்த்துத் திருத்தித் தாருங்கள்” என்றார்.

கடிதத்தில் பிழை ஏதும் இல்லை. “பெருநாள் திங்கள் அல்லது செவ்வாய், பிறை தெரிந்தபின் அறிவிக்கிறேன்” என்று எழுதியிருந்தார். நமக்கு இது இயல்பான வாசகம். ஆனால் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு வரும் அறிவிப்பை வைத்து, மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்கு எவரால் ஆள் தேட முடியும்? போதாக்குறைக்கு அந்தத் திங்கள் மார்ச் 31. ஆண்டுக் கணக்கு முடியும் நாள், சரக்கு எண்ணும் நாள். தமிழ்நாட்டுச் சட்டப்படி தொழிற்சாலைகள் தரவேண்டிய ஐந்து பண்டிகை விடுமுறைகளில் அந்த நிறுவனம் ரமலானைச் சேர்த்திருக்கவில்லை. சூப்பர்வைசர் மீது எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய்யாகும். ஆயினும் அவருடைய சங்கடம் புரிந்தது.

மாணவருக்கு அந்த வாரம் காலை ஷிப்டு, ஆறு முதல் இரண்டு வரை. அதே எந்திரத்தில் பிற்பகல் ஷிப்டில், இரண்டு முதல் பத்து வரை, நிற்பவர் அவருடைய நண்பர், முருக பக்தர். “திங்கட்கிழமை உன் காலை ஷிப்டை நான் பார்க்கிறேன், என் ஷிப்டை நீ பார்” என்று அவரே முன்வந்திருந்தார்.

திங்களுக்கு மட்டும் மாற்றிக்கொண்டால், பெருநாள் செவ்வாயாக அமையும்போது பயனில்லை. இரண்டு நாளும் மாற்றினால் எந்த நாள் பெருநாளானாலும் காலைத் தொழுகை கிடைக்கும். பிறையைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் தேவையில்லை. அதையே எழுதலாம் என்றேன். அவர் தயங்கினார். “செவ்வாய் இரவு பத்து மணிக்கு முடித்தால், வீடு சேரப் பதினொன்றே முக்கால் ஆகும், ஹஜ்ரத். புதன் காலை ஷிப்டுக்கு நாலேகாலுக்கு பஸ் வந்துவிடும்.” நான்கரை மணி நேர இடைவெளி, தூக்கம் அதிலும் குறைவு. உறக்கக் கண்ணோடு எந்திரத்தில் கைவைப்பது விளையாட்டன்று.

ஆகவே வாரம் முழுவதையும் மாற்றிக்கொள்வதென்று முடிவாயிற்று. அங்கே ஷிப்டு மாறுவது ஞாயிறு விடுமுறைக்குப் பின்புதான். திங்கள் முதல் சனி வரை இருவரும் இடம் மாறினால், இருவருக்கும் ஓய்வு குறையாது. பஸ் பட்டியலையும் வாரத்துக்கு ஒரே முறை திருத்தினால் போதும்.

“அவருக்கு நீ திருப்பிச் செய்வது என்ன?” என்று கேட்டேன். “அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார், ஹஜ்ரத்.” எனக்கு அது பிடிக்கவில்லை. கடனைத் தவணை குறித்து எழுதிக்கொள்ளுங்கள் என்று கூறும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனத்தை இவரே என்னிடம் ஓதியவர். நண்பரிடம் பேசிவரச் சொன்னேன். மறுநாள் பதில் வந்தது: ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை, பங்குனி உத்திரம். அந்த வாரம் நண்பருக்கு இரவு ஷிப்டு. விடிய விடிய வேலை செய்துவிட்டுக் கோயிலுக்குப் போக அவருக்கு மனமில்லை. அந்த வாரம் பிற்பகல் ஷிப்டில் இருக்கவேண்டிய நம் மாணவர் இரவை ஏற்றால், நண்பருக்கும் காலை நேரம் கிடைக்கும். அடுத்த வாரம் மாணவருக்கு முறைப்படியே இரவு ஷிப்டு. ஆகத் தொடர்ந்து இரண்டு வாரம் இரவுப் பணி. சற்று யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

புதிய கடிதத்தில் இரண்டு வாரங்களின் தேதிகள், இருவரின் பணியாளர் எண்கள், எந்திரத்தின் எண், இருவரும் அதை இயக்கத் தகுதி பெற்றவர்கள் என்ற குறிப்பு, நண்பரின் கையொப்பம் ஆகியவை இருந்தன. கடைசியில், இம்மாற்றம் ஏற்கப்படாவிடில் மார்ச் 31, ஏப்ரல் 1 ஆகிய இரு நாள்களையும் தற்செயல் விடுப்பாகக் கருத வேண்டுகிறேன் என்று ஒரு வரி. இரு ஷிப்டு சூப்பர்வைசர்களும் கையொப்பமிட்ட நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

ஞாயிறு மாலை பிறை தென்பட்டது. திங்கள் காலை பெருநாள் தொழுகையில் முதல் வரிசையிலேயே அவரைக் கண்டேன். வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஏறினார்; கையில் நண்பருக்கென்று ஒரு டிபன் கேரியர்.

ஏப்ரல் மாதச் சம்பளச் சீட்டில் ஆறு நாள் ‘வரவில்லை’ என்று பதிவாகியிருந்தது. வருகைப் பதிவுக் கணினியில் இரண்டாம் மாற்றத்தின் ஷிப்டுக் குறியீட்டை எவரும் திருத்தவில்லை. இரவு பத்து மணிக்கு வந்தவரைப் பிற்பகலுக்கு வராதவராக அது கணக்கிட்டிருந்தது. கையொப்பமிட்ட நகலைக் காட்டியபின், அடுத்த மாதச் சம்பளத்தோடு அந்த ஆறு நாள் ஊதியமும் வந்து சேர்ந்தது.