நான் யார், சொல்லுங்கள் பார்க்கலாம்!

ஊரிலிருந்து வரும் உறவினர்கள் வீட்டிலுள்ள வயதான பாட்டியைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி என்ன தெரியுமா? "சௌக்கியமா?" என்பதல்ல. "பாட்டி, நான் யாருன்னு தெரியறதா? சொல்லுங்கோ பார்க்கலாம்!" என்பதுதான். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குக்கூட முன்னதாகத் தேதி அறிவித்தார்கள். பாட்டிக்கோ வாசற்படியிலேயே வினாத்தாளை நீட்டிவிடுகிறோம்.

பாட்டிக்கு வெறும் வயோதிக மறதி என்றால் பாதகமில்லை. சிரித்துக்கொண்டே இரண்டு பெயர்களைச் சொல்லிப் பார்ப்பாள். ஆனால் அல்ஜைமர் போன்ற மறதி நோய் கண்டவர்களுக்கு அந்தக் கேள்வி பெரிய சங்கடம். எதிரில் நிற்பவர் வேண்டியவர் என்பது மனசுக்குப் படுகிறது. பெயர் மட்டும் அகப்படவில்லை. சுற்றி நிற்பவர்களெல்லாம் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதும் தெரிகிறது. அவமானம் வந்துவிடுகிறது. பிறகு கோபமோ அழுகையோ வந்தால் நோயின்மீது பழியைப் போடுகிறோம்.

என் பெரியம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. அவளைக் கவனித்துக் கொள்வது அவள் நாட்டுப்பெண், அதாவது என் மன்னி. பெரியம்மாவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு மன்னி சில சட்டதிட்டங்கள் வைத்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவற்றை வரிசையாக நடைமுறையில் பார்த்தேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெரியவர் இருந்தால் உபயோகப்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதல் சட்டம், நேரம். "காலை பத்து மணிக்கு வா. சாயங்காலம் வராதே" என்று மன்னி டெலிபோனிலேயே சொல்லிவிட்டாள். இந்த நோய் உள்ளவர்களில் பலருக்குப் பொழுது சாயும் சமயத்தில் மனம் கலங்கும். இருக்கிற வீட்டிலேயே "வீட்டுக்குப் போகணும்" என்பார்கள். காலையில், காபி பலகாரம் ஆன பிறகு, தெளிவு சற்று அதிகம்.

நான் உள்ளே போனதும் மன்னி டெலிவிஷனை நிறுத்தினாள். பெரியம்மாவின் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள். காதுக் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். பாதி நேரம் ஞாபகம் இல்லை என்று நாம் நினைப்பது, உண்மையில் கண் தெரியாததும் காது கேட்காததும்தானாம்.

பெரியம்மா ஜன்னலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மன்னி என்னைப் பின்பக்கமாகப் போக விடவில்லை. சுற்றிக்கொண்டு முன்பக்கம் போகச் சொன்னாள். இந்த நோயில் பக்கவாட்டில் நடப்பது கவனத்தில் விழுவது குறைந்துவிடுகிறது. பின்னாலிருந்து அன்போடு தோளைத் தொட்டாலும், அது எங்கிருந்தோ வந்த கையாகத்தான் தோன்றும்.

ஆறடி தூரத்தில் நின்று, அவள் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்தேன். பிறகு மெதுவாகக் கிட்டப் போய், எதிரே ஒரு முக்காலியைப் போட்டு, அவள் முகமும் என் முகமும் ஒரே உயரத்தில் இருக்கும்படி உட்கார்ந்து கையை நீட்டினேன். "பெரியம்மா, நான்தான், உங்கள் தங்கை பெண் வந்திருக்கேன்" என்றேன். கேள்வியே இல்லை, பதிலை நானே கொடுத்துவிட்டேன். பிறகு பேசாமல் இருந்தேன். அவர்களுக்கு ஒரு வாக்கியம் போய்ச் சேரச் சில விநாடிகள் ஆகும். அதற்குள் நாம் இரண்டாவது வாக்கியத்தை ஆரம்பித்தால் இரண்டும் வீண்.

பெரியம்மா என் கையைப் பற்றிக்கொண்டாள். முகம் மலர்ந்தது. "வாடி! எப்போ வந்தே? அப்பா கோபமா இருக்காரா?" என்றாள்.

அவள் என்னை என் அம்மாவாக எண்ணிக்கொண்டாள்! இதில் ஒரு நியாயம் இருக்கிறது. இந்த நோய் முதலில் அரிப்பது சமீபத்திய நினைவுகளை. பழையவை அதிக நாள் தங்கும். பெரியம்மாவின் மனசில் நான் இன்னும் பாவாடை கட்டிய சிறுமியாக இருக்கலாம். முப்பத்தைந்து வயதில், இந்த ஜாடையில், எதிரே உட்கார்ந்திருப்பவள் தங்கையாகத்தானே இருக்க வேண்டும்?

"நான் அம்மா இல்லை, பெண்!" என்று திருத்தலாம், அவள் விழிப்பாள். மன்னியின் சட்டப்படி, ஆள் யார் என்ற விவகாரத்தை விட்டுவிட்டு, கேள்விக்குள் இருக்கும் கவலைக்குப் பதில் சொல்ல வேண்டும். "இப்பத்தான் வந்தேன். யாருக்கும் கோபமே இல்லை, பெரியம்மா" என்றேன். "அப்பாடா!" என்று சாய்ந்து உட்கார்ந்தாள்.

அதன் பிறகுதான் நமஸ்காரம் செய்தேன். எடுத்த எடுப்பில் காலடியில் குனிந்தால், எதிரே இருந்த ஆள் எங்கே போனாள் என்று மிரண்டுவிடுவார்களாம். நான் எழுந்தபோது, பெரியம்மாவின் கை தானாகப் பக்கத்துச் சம்புடத்துக்குப் போயிற்று. விபூதியை எடுத்து என் நெற்றியில் இட்டாள். கண்ணில் விழாமல் இடது கையால் மறைத்தும்கொண்டாள். பெயரை மறந்தவளுக்கு இது மட்டும் எப்படி மறக்கவில்லை?

கை பழகியதை வைத்திருக்கும் இடமும், பெயரை வைத்திருக்கும் இடமும் மூளையில் வெவ்வேறு. 1911-இல் கிளாபரேட் என்ற ஜெனீவா டாக்டர் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். அவருடைய நோயாளியான ஒரு பெண்மணிக்கு வேறு வகை மறதி நோய். தினமும் பார்க்கும் டாக்டரையே தெரியாது. ஒரு நாள் அவர் விரலிடுக்கில் ஊசியை மறைத்துக்கொண்டு கை குலுக்கினார். சுருக்கென்று குத்திற்று. பிறகு அவர் கை நீட்டியபோது அந்த அம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். ஏன் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை! ஆள் மறந்தும், பட்டது மறக்கவில்லை.

அல்ஜைமர் நோயாளிகளிடமே 2014-இல் அமெரிக்காவில் ஐயோவா பல்கலைக்கழகத்தார் சோதித்தார்கள். சோகமான சினிமாக் காட்சிகளையும், வேறு சமயம் சந்தோஷமானவற்றையும் காட்டினார்கள். பார்த்தது மறந்த பிறகும், அது உண்டாக்கிய மனநிலை தங்கியிருந்தது. எனவே பெரியம்மாவைப் பரீட்சை வைத்துக் கலங்க அடித்துவிட்டு நாம் பஸ் ஏறிப் போய்விட்டால், காரணம் தெரியாத அந்தக் கலக்கத்தோடு மத்தியானம் முழுவதும் மல்லுக்கட்டுவது மன்னிதான்.

எல்லாம் எப்போதும் இவ்வளவு சுமுகமாக நடந்துவிடாது. அன்றைக்கே, இருபது நிமிஷம் ஆனதும், "அவர் எங்கே? இன்னும் ஆபீசிலிருந்து வரலையே?" என்றாள். பெரியப்பா காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. உண்மையைச் சொன்னால் அவளுக்கு அது இன்றைக்கு வந்த செய்தி. நாளைக்கு மறுபடியும் புதுச் செய்தி. மன்னி, "அவரை நினைச்சுண்டேளா, அம்மா? அவருக்குக் காபி எப்படி இருக்கணும்?" என்று கேட்டாள். "டிகாக்ஷன் தூக்கலா!" என்றாள் பெரியம்மா உடனே. பேச்சு காபிக்குப் போயிற்று.

சற்றைக்கெல்லாம் அவள் புடைவைத் தலைப்பைத் திருகத் தொடங்கினாள்; பார்வை அறையைச் சுற்றியது. களைத்துவிட்டாள் என்பதற்கு அடையாளம் அது. "போயிட்டு வரேன் பெரியம்மா" என்று சுருக்கமாகச் சொல்லி எழுந்துவிட வேண்டும்.

ஒன்றை மட்டும் மன்னி அழுத்திச் சொன்னாள். இந்த மறதி மாசக் கணக்கில், வருஷக் கணக்கில் மெல்ல வளர்வது. நேற்று வரை ஓரளவு பேசியவர் ஓரிரு நாளில் திடீரென்று யாரையும் அறியாமல் குழம்பினாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ, நோய் முற்றிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. சிறுநீரில் கிருமி, உடம்பில் நீர் குறைதல், புது மருந்து, இவற்றில் ஏதாவது காரணமாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். பல சமயம் அது சரியாகக்கூடியது.

அடுத்த வாரம் என் தம்பி குழந்தைகளோடு போகிறான். "ஒவ்வொருத்தராக உள்ளே வரணும், பெயரைச் சொல்லிண்டே வரணும்" என்று குழந்தைகளுக்கு இப்போதே ஒத்திகை நடக்கிறது.