படத்தில் வெட்டுப்பட்ட வரி

மட்டக்களப்பில் வேலை கிடைத்த ராத்தா, வாடகை ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தைப் படமெடுத்துக் கல்குடாவிலிருந்த எங்களுக்கு அனுப்பினார். மாத வாடகை 20,000 ரூபாய், முற்பணம் 60,000 ரூபாய்.

"முற்பணம் திருப்பித் தரப்படும்; ஆயினும்" என்று நான் வாசித்தேன். அத்தோடு படம் முடிந்துவிட்டது.

"அந்த 'ஆயினும்'தான் மகள் முக்கியம். மற்றப் பக்கத்தையும் கேளுங்க" என்றார் வாப்பா.

வந்தது. அறிவித்தல் தராத மாதங்களின் வாடகையும் திருத்தச் செலவும் முற்பணத்தில் கழிக்கப்படுமாம். வாடகையாளர் இரண்டு மாதத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும். உரிமையாளருக்கோ ஒரு மாதம் போதும். ராத்தாவுக்குத் திடீரென இடமாற்றம் வந்தால் 40,000 ரூபாய் போய்விடும். "சகல திருத்தங்களும் வாடகையாளர் பொறுப்பு" என்றும் இருந்தது. மாரியில் கூரை ஒழுகினால் மீதி 20,000 ரூபாயும் அதற்கே போகும்.

மூன்று நிபந்தனைகளாகத் தெரிந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

ராத்தா உரிமையாளரிடம் பேசினார். கூரை, சுவர், கிணற்று மோட்டர் அவர் பொறுப்பு, பல்ப், குழாய் போன்ற சில்லறை வேலைகள் ராத்தாவின் பொறுப்பு என்று எழுத்தில் மாற்றினார்கள். அறிவித்தல் காலத்தை மட்டும் அவர் குறைக்கவில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் ராத்தா கையெழுத்திட்டார்.