வால் அறுந்த ஸிப்

வானொலியில் வேலை பார்ப்பதால், ஒலிக்கோப்பு என்றாலே குடும்பத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போன மாதம் கமுந்திங்கிலிருந்து அக்கா கூப்பிட்டார். பாட்டியின் குரல் அடங்கிய ஸிப் கோப்பு திறக்க மறுக்கிறதாம். திரையில் ஒரு பிழைச் செய்தி வருகிறதாம்.

பாட்டி தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். லயத்து வாழ்க்கை, பெரட்டுக் களம், ஜப்பான்காரன் காலத்து மரவள்ளிக்கிழங்கு என்று அவர் பேசியதையெல்லாம் ஈப்போவில் இருக்கும் மாமா அந்தக் காலத்தில் ஆறு கேசட்டுகளில் பதிந்து வைத்திருந்தார். அண்மையில் அவற்றைக் கணினிக்கு மாற்றி, இணையச் சேமிப்பகத்தில் ஏற்றி, அக்காவுக்கு இணைப்பு அனுப்பினார். பக்கத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வேவ் கோப்புகள். இணைப்பின் கெடு முடிந்துவிட்டது. மாமாவின் மடிக்கணினி அதற்குள் உயிரை விட்டுவிட்டது. ஆக, அக்காவிடம் இருக்கும் அந்தத் திறக்காத ஸிப் மட்டுமே மிச்சம்.

"முழுசா இறங்கிடுச்சுன்னுதான்டா காட்டுச்சு" என்றார் அக்கா. அவர் சொன்னது உண்மையாகவே இருக்கும். தனிக் கோப்பை இறக்கினால், அதன் அளவு எவ்வளவு என்று அனுப்பும் கணினி முன்கூட்டியே சொல்லிவிடும். குறைந்தால் உலாவி கண்டுபிடித்துவிடும். ஒரு முழுத் தொகுப்பையே இறக்கச் சொன்னால் கதை வேறு. பல சேமிப்பகங்கள் அந்த நேரத்தில்தான் ஸிப்பைக் கட்டிக் கட்டி அனுப்புகின்றன. மொத்த அளவு எவ்வளவு வரும் என்று அனுப்புகிறவருக்கே தெரியாது. நடுவில் தொடர்பு அறுந்தால், சில சமயம் உலாவி "சரி, முடிந்தது போலிருக்கிறது" என்று கோப்பை மூடிவிடும். தைப்பிங் பக்கத்து மாலை இடிமழையை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நான் முதலில் கேட்டது அளவைத்தான். அக்காவிடம் இருந்தது 1.1 ஜிகாபைட். "சுருக்கி அனுப்புறதுதானே ஸிப்பு, அதான் குறைஞ்சிருக்கு" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு பக்கம் 30 நிமிடம். ஒற்றைத் தட ஒலி, குறுந்தட்டுத் தரம் என்றால் ஒரு பக்கம் சுமார் 159 மெகாபைட் வரும். பன்னிரண்டுக்கும் சேர்த்து 1.9 ஜிகாபைட். கடிதம், கணக்கு மாதிரியான எழுத்துக் கோப்புகளை ஸிப் நன்றாகச் சுருக்கும். கேசட்டின் இரைச்சல் கலந்த குரலை அவ்வளவாகச் சுருக்க முடியாது. பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூட, அவ்வளவுதான் குறையும். ஏறக்குறைய 1.7 வந்திருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு வந்து சேரவே இல்லை.

அப்படியானால் மூன்றில் இரண்டு பங்காவது ஏன் திறக்கவில்லை? இங்குதான் ஸிப்பின் அமைப்பு வருகிறது. 1989-இல் அமெரிக்காவில் ஃபில் காட்ஸ் என்பவர் இதை உருவாக்கினார். இன்றும் எந்த ஸிப்பின் முதல் இரண்டு எழுத்துகளைப் பார்த்தாலும் அவருடைய பெயரின் முதலெழுத்துகளான `PK` இருக்கும். உள்ளே ஒவ்வொரு கோப்பும் தனித்தனிப் பொட்டலமாக வரிசையாக வைக்கப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் அதன் பெயர் எழுதியிருக்கும். எல்லாம் முடிந்த பிறகு, எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல் கடைசியில் வரும். புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டது போல. பழைய நெகிழ்வட்டுகளில் ஒரு தொகுப்பைப் பல வட்டுகளாகப் பிரித்து வைத்தபோது, திறக்கும்போது கடைசி வட்டைப் போடச் சொல்லிக் கேட்டதற்கும் இதுவே காரணம்.

பதிவிறக்கம் பாதியில் நின்றால் முதலில் காணாமல் போவது அந்தப் பட்டியல்தான். பொருளடக்கத்தைத் தேடும் மென்பொருள், அது இல்லாததைக் கண்டதும் புத்தகமே இல்லை என்று கைவிரித்துவிடுகிறது. முன்பக்கங்கள் முழுசாகத்தான் இருக்கின்றன.

அதனால், விண்டோஸிலேயே உள்ள வசதியை விட்டுவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் செவன்-ஸிப்பை நிறுவச் சொன்னேன். அதற்கு முன் அந்தக் கோப்புக்கு ஒரு நகல் எடுக்கச் சொன்னேன். மூலத்தில் கை வைக்கக் கூடாது. பட்டியல் இல்லாவிட்டால் செவன்-ஸிப் முதலிலிருந்து ஒவ்வொரு பொட்டலத்தின் தலையாகப் படித்துக்கொண்டே போகும். அக்காவின் திரையில் ஓர் எச்சரிக்கையும் எட்டுப் பெயர்களும் வந்தன. பிரித்தெடுத்ததில் ஏழு முழுசாக வந்தன. எட்டாவதற்கு மட்டும் `Unexpected end of data` என்றது. அந்த எட்டாவதை அழிக்க வேண்டாம் என்று சொல்லி, ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து பார்த்தோம். 25 நிமிடங்களைத் தாண்டி ஓடி, அங்கே நின்றது. ஏழு பக்கத்துக்கு 980 மெகாபைட், மீதி 120, ஒரு பக்கத்துக்கு 140 என்று வகுத்தால் அதே இடம்தான் வருகிறது. கணக்கு சரியாக இருந்ததில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி.

லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டளை இருக்கிறது:

```
zip -FF paatti.zip --out meetpu.zip
```

ஒரே வட்டுத் தொகுப்புதானா என்று கேட்கும்; `y` அழுத்தலாம். முழுசாக உள்ள பொட்டலங்களைத் தேடி, புதிய பட்டியலோடு புது ஸிப் செய்து தரும். வின்ராரில் உள்ள `Repair` வசதியும் பட்டியலைத்தான் மீண்டும் எழுதுகிறது. பெயரில் 'பழுதுபார்ப்பு' இருந்தாலும், வந்து சேராத பைட்டை எந்த மென்பொருளும் உண்டாக்கித் தர முடியாது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான பக்கங்களை மீட்டுத் தருவதாகக் காசு கேட்ட ஒரு மென்பொருளை அக்கா காட்டினார். வேண்டாம் என்றேன்.

இன்னொரு வகைக் கோளாறும் உண்டு. அளவு சரியாக இருக்கும், பட்டியலும் திறக்கும், ஆனால் ஒரு கோப்பில் மட்டும் `CRC failed` என்று வரும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. பிரித்தெடுத்ததும் அதை மறுபடி கணக்கிட்டு ஒப்பிடும்போது இரண்டும் ஒத்துவரவில்லை என்று பொருள். பழுதான பென்டிரைவ், நினைவகக் கோளாறு போன்றவற்றால் நடுவில் சில பைட்டுகள் மாறியிருக்கும். அதில் மாறிய இடம் வரைதான் நம்பலாம்; அதன் பிறகு வருவது பெரும்பாலும் வெறும் கரகரப்பாக இருக்கும். மூலம் இன்னும் இருந்தால், இதற்கு மறுபடி நகலெடுப்பதே மருந்து. கோப்பு ஒரு சில கிலோபைட்தான் இருக்கிறதென்றால் அது ஸிப்பே இல்லை. எழுத்துக் கோப்பாகத் திறந்து பாருங்கள். `PK` இல்லாமல் `<!DOCTYPE html>` என்று தொடங்கினால், கோப்புக்குப் பதிலாக "இணைப்பு காலாவதியாகிவிட்டது" என்ற பக்கம்தான் உங்களிடம் இறங்கியிருக்கிறது.

எங்கள் விஷயத்தில் ஓர் அதிர்ஷ்டம்: மாமா அனுப்பியது ஸிப். செவன்-ஸிப்பின் சொந்த வடிவமான 7z-இல் வழக்கமாக எல்லாக் கோப்புகளையும் ஒன்றோடொன்று பின்னிச் சுருக்குவார்கள். அதில் வால் அறுந்தால் மீட்பது மிகக் கடினம். ஸிப்பில் ஒவ்வொன்றும் தனியாக இருப்பதால் ஏழு பக்கம் பிழைத்தது.

எட்டாம் பக்கத்தில் பாட்டி, லயத்துக் கடைசி வீட்டில் குடியிருந்த ஒருவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் நின்றுவிடுகிறது. அது நான்காம் கேசட்டின் பின்பக்கம். மாமாவிடம் சொன்னேன். கேசட்டுகளை அவர் தூக்கிப் போடவில்லை. "அப்ப ஆறையும் திரும்ப ஓட்ட வேண்டாம்ல?" என்று கேட்டார். வேண்டாம். நாலாவதின் கடைசி ஐந்து நிமிடம், பிறகு ஐந்தும் ஆறும் போதும். பழைய நாடாக்களை எத்தனை குறைவாக ஓட்டுகிறோமோ அத்தனை நல்லது. கேசட் பெட்டியின் ரப்பர் வார் இளகிப் போயிருப்பதால் புது வாருக்குச் சொல்லி வைத்திருக்கிறார். இந்த முறை தொகுப்பாக வேண்டாம், ஒவ்வொரு கோப்பாக இணைப்பு அனுப்புங்கள், பக்கத்திலேயே அதன் அளவையும் பைட்டில் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறேன். அக்கா ஒரு தாளில் ஐந்து வரி கோடு போட்டு வைத்துக் காத்திருக்கிறார்.