திருத்துருத்தியும் ஆறு கழற்றிவிட்ட வளைவும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அருவியில் குளிக்கப் போகும் குற்றாலம் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. நாம் வந்திருக்கும் குத்தாலம், கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில் உள்ள காவிரிக்கரை ஊர். தேவாரப் பாடல்களில் இதன் பெயர் திருத்துருத்தி. துருத்தி என்றதும் கொல்லன் பட்டறைதான் நினைவுக்கு வரும். ஆனால் ஆற்றுக்கு நடுவே அமைந்த திட்டுக்கும் தமிழில் அதே பெயர் உண்டு. இன்று தென்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஆற்றைக் கடக்காமலேயே கோயிலுக்கு நடந்து போகலாம். அப்படியானால் திட்டைச் சுற்றி ஓடிய தண்ணீர் எங்கே?

ஆறு இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்ந்தால் நடுவில் திட்டு உண்டாகும். இன்னொரு வழியும் இருக்கிறது, அது இன்னும் சுவாரஸ்யமானது: ஆறு தன் வளைவையே அறுத்துக்கொண்டு போவது. இந்த ஊர்த் திட்டு எந்த வழியில் வந்தது என்பதைப் பெயர் சொல்வதில்லை.

கோடையில் காவிரி வற்றியதும் எந்த வளைவிலாவது இறங்கிப் பாருங்கள். வளைவின் உட்பக்கம் மணல் சரிவாகப் படிந்திருக்கும். வெளிப்பக்கம் கரை செங்குத்தாக நிற்கும், அதன் அடியில் மடு இருக்கும். கடைசிவரை தண்ணீர் நிற்பதும் அங்கேதான். திரும்பும்போது வேகமான நீர் வெளிக்கரையில் மோதி மண்ணைக் கரைக்கிறது. அதே நேரத்தில், அடியில் ஓடும் மெதுவான நீர் மணலை உட்கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது.

அடியில் ஏன் உள்நோக்கி ஓட வேண்டும்? வீட்டு டம்ளரிலேயே பார்க்கலாம். டீத்தூள் கிடக்கும் தண்ணீரை ஸ்பூனால் கலக்கிவிட்டு நிறுத்துங்கள். தூள் ஓரத்துக்குப் போகாமல் நடுவில் வந்து குவியும். அடிமட்ட நீர் டம்ளரில் உரசி வேகம் குறைவதால், அது வெளிப்பக்கம் தள்ளப்படாமல் உள்ளே இழுபடுகிறது. இதே டீத்தூளை வைத்துத்தான் ஆறுகள் ஏன் வளைகின்றன என்று 1926-ல் ஐன்ஸ்டீன் விளக்கினார்.

வெளியே அரிப்பு, உள்ளே படிவு என்று ஆண்டுக்கணக்கில் நடந்தால் வளைவு பெருத்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அதன் இரு முனைகளும் கழுத்துபோல நெருங்கிவிடும். கணக்குக்காக, வளைவின் நீளம் 3 கிலோமீட்டர், கழுத்தின் அகலம் 200 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வளைவைச் சுற்றிவரும்போது நீர் 1 மீட்டர் இறங்குகிறது என்றால், கழுத்தின் குறுக்கே போனாலும் அதே 1 மீட்டர்தான் இறக்கம், ஆனால் தூரம் 200 மீட்டர்தான். சரிவு 15 மடங்கு! பெரிய வெள்ளம் வரும்போது நீர் அந்தக் குறுக்கு வழியை விடுமா?

அறுத்துக்கொண்ட பிறகு கொஞ்ச காலம் இரண்டு பக்கமும் தண்ணீர் ஓடும். நடு நிலம் அப்போது அசல் துருத்தி. பிறகு பழைய வளைவின் வாய்களில் நீரின் வேகம் தளர்ந்து மணல் படியும், இரண்டு வாய்களும் அடைபடும். நடுவில் தங்கும் வளைந்த நீர்தான் பாடப்புத்தகம் சொல்லும் குதிரைக் குளம்பு ஏரி.

அதைக் கண்ணால் பார்க்க இன்னொரு டெல்டாவுக்குப் போகலாம். மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் நகரருகே மோதிஜீல் என்ற ஏரி இருக்கிறது. பாகீரதி ஆறு கைவிட்ட வளைவு அது, லாட வடிவிலேயே இருக்கிறது. 18-ம் நூற்றாண்டில் நவாஜிஷ் முகமது கான் அந்த லாடத்தின் உள்ளே அரண்மனை கட்டினார். மூன்று பக்கமும் தண்ணீர், காவலுக்கு அகழி வெட்டும் செலவு மிச்சம்! அவர் மனைவி கசீட்டி பேகம் வாழ்ந்த இடமும் அதுதான்.

இப்படிப்பட்ட ஏரிகளுக்கு ஆயுள் உண்டு. ஆற்றின் வண்டல் வெள்ளத்துக்கு வெள்ளம் உள்ளே படிந்து, ஏரி சதுப்பாகி, பிறகு வயலாகிவிடும். பீகாரின் பேகுசராய் மாவட்டத்தில் உள்ள கன்வர் ஏரி, புர்ஹி கண்டக் ஆறு விட்டுச்சென்றது. 2020-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அந்த ஏரியிலும் நீர் வடிந்த இடத்தில் பயிர் வைக்கிறார்கள்.

குத்தாலம் பக்கம் காவிரி இனி அப்படித் தாவ வழியில்லை. இரு கரையும் உயர்த்திக் கட்டப்பட்டிருக்கிறது. பெருவெள்ளத்தை முக்கொம்பிலேயே கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். 1934 முதல் மேட்டூர் அணையும் வெள்ளத்தை அடக்குகிறது. ஆற்றின் பழைய சுபாவத்தைப் பார்க்க வேண்டுமானால் வடக்கே கொள்ளிடக்கரைக்குப் போக வேண்டும். நாதல்படுகை, முதலைமேடு திட்டு என்று ஊர்ப்பெயர்களே சொல்லிவிடும். கரைகளுக்கு உள்ளே, ஆறு போட்ட வண்டலில் குடியிருக்கும் ஊர்கள் இவை. 2022-ல் கொள்ளிடம் பெருகியபோது வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, மக்கள் படகில் வெளியேறினார்கள்.

போனில் மேப்பைத் திறந்து சாட்டிலைட் படத்துக்கு மாற்றிப் பாருங்கள். கட்டம் கட்டமான வயல்களுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் வரப்புகள் வில்லாக வளைந்து, அதையொட்டி ஒரு தாழ்வான பசுமைப் பட்டை ஓடினால், அங்கே ஒரு காலத்தில் ஆறு ஓடியிருக்கலாம். உறுதி செய்ய ஒரு பள்ளம் தோண்டினால் போதும்: வண்டலுக்குக் கீழே ஆற்று மணல் வரும்.