காலைத் தொடாமல் ஒரு மின்னஞ்சல்

எங்கள் மாலை வகுப்பில் படித்து வளர்ந்த தங்கை ஒருத்தி, சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தாள். அங்கே இடம் கிடைத்த கடிதம் கையில் இருந்தால்தான் நடுவண் அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைக்குக் கேட்க முடியும். அந்த இடம் கிடைக்க, பாடம் நடத்திய பேராசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அதைக் கேட்டு அவருக்கு ஒரு மின்னஞ்சல் போட வேண்டும். வேலை அவ்வளவுதான். அந்த ஒரு மின்னஞ்சலுக்கு எங்களுக்கு மூன்று மாலைகள் பிடித்தன.

முதல் கடிதத்தை எழுதிக்கொடுத்தது நாங்கள்தான். எங்களில் மூத்தவர் பல வருடம் தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதியவர். பட்டா, சாதிச் சான்றிதழ், முதியோர் ஓய்வூதியம் என்று எதைக் கேட்டாலும் அவர் கை தானாக ஓடும். அப்படியே இதுவும் ஓடியது. 'உயர்திரு பேராசிரியர் ஐயா அவர்களின் மேலான சமூகத்திற்கு, தாழ்மையுடன் எழுதிக்கொள்வது' என்று தொடங்கியது. 'என் தந்தை தினக்கூலி, எங்களுக்கு வேறு நாதியில்லை, தங்களைத் தெய்வமாக நம்பியிருக்கிறேன், கருணை கூர்ந்து' என்று நடந்தது. 'தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவி' என்று முடிந்தது.

அவள் படித்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுல நான் என்ன படிச்சேன்னே இல்லையே" என்றாள்.

எங்களுக்குச் சுருக்கென்றது. ஒரு பக்கக் கடிதத்தில் அவள் எந்த ஆண்டு மாணவி, என்ன ஆய்வு செய்தாள், கடிதம் எந்தத் தேதிக்குள் வேண்டும் என்ற மூன்றும் இல்லை. பணிவு மட்டும் பக்கம் முழுக்க இருந்தது. மனு என்பது, கொடுக்கிறவர் மனம் வைத்தால்தான் கிடைக்கும் என்று நம்ப வைக்கப்பட்டவர்கள் எழுதுவது. அதில் தகவலை விடக் கும்பிடுதான் முக்கியம். மாணவிக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவது ஆசிரியர் வேலையின் ஒரு பகுதி. அதைச் செய்ய அவருக்குத் தேவை விவரம். நாங்கள் அவரைக் கலெக்டர் ஆக்கி, அவளை மனுதாரர் ஆக்கிவிட்டோம்.

இரண்டாம் நாள் கோபத்தில் எழுதினோம். கும்பிடு எல்லாம் போய்விட்டது. 'மேற்கண்ட பொருள் தொடர்பாக, ஜனவரி 31க்குள் பரிந்துரைக் கடிதத்தைப் பதிவேற்றம் செய்யவும். தாமதமின்றி ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.' சுயமரியாதையோடு எழுதியதாக நினைத்தோம். மறுநாள் படித்தால் மின்வாரிய நோட்டீஸ் மாதிரி இருந்தது. இரண்டு வருடம் பாடம் நடத்தி, களப்பணிக்குக் கூடவே வந்து நின்ற மனிதருக்கு எழுதும் கடிதம் அது இல்லை. 'கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்றால் கேட்பது யார்? அங்கேயும் அவள் காணாமல் போயிருந்தாள். முதல் கடிதத்தில் காலடியில் மறைந்தாள், இரண்டாவதில் அலுவலகச் சுவருக்குப் பின்னால் மறைந்தாள்.

மூன்றாம் நாள் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினோம். முதலில் விளிப்பு. 'ஐயா' என்ற சொல் வந்ததும் சண்டையே வந்தது. பண்ணையார் வீட்டுப் பத்து வயதுப் பையனை நம் தாத்தாக்கள் 'சின்னையா' என்று கூப்பிட வைக்கப்பட்ட வாய் இது, அந்தச் சொல்லே வேண்டாம் என்றார் ஒருவர். அயோத்திதாசரை, பெரியாரை நாம் மனமுவந்து ஐயா என்கிறோமே என்றார் இன்னொருவர். இரண்டும் உண்மைதான். கடைசியில் ஒரு எளிய அளவுகோலைப் பிடித்தோம். அந்த வகுப்பில் மற்ற சாதிப் பிள்ளைகள் அவரை எப்படி அழைத்தார்களோ, அதுவே உனக்கும். எல்லோரும் ஐயா என்றால் நீயும் ஐயா என்று எழுது, அது மரியாதை. அவர்கள் 'சார்' என்று சொல்ல, நீ மட்டும் ஒரு படி கூடுதலாகக் குனிந்தால் அது வேறு. அவள் வகுப்பில் எல்லோரும் 'சார்' என்றுதான் அழைத்திருக்கிறார்கள். கடிதத்தில் 'மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு' என்று வைத்துக்கொண்டோம். 'மதிப்பிற்குரிய', 'அவர்கள்' இரண்டும் எல்லோரும் எல்லோருக்கும் எழுதுவது. அதில் நமக்கு எதுவும் குறைந்துவிடாது.

அடுத்தது 'தாங்கள்'. அது தவறான சொல் இல்லை. ஆனால் வரிக்கு வரி 'தாங்கள், தங்களது, தங்களின்' என்று வந்தால் நாக்கு விறைத்துப்போகிறது. 'நீங்கள்' என்பதே மரியாதைதான். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கடைசி வரை அதிலேயே நிற்க வேண்டும். பாதி 'தாங்கள்', பாதி 'நீங்கள்' என்றால் எங்கோ பார்த்து எழுதியது தெரிந்துவிடும்.

பிறகு வினைச்சொல். மரியாதை உண்மையில் குடியிருப்பது இங்கேதான். 'எழுதவும்' என்பது அறிவிப்புப் பலகை. 'கருணை கூர்ந்து எழுதித் தரும்படி மன்றாடுகிறேன்' என்பது காலில் விழுவது. 'எழுதித் தர இயலுமா?' என்பது கேள்வி. கேள்வி கேட்டால் எதிரில் இருப்பவருக்கு 'இயலாது' என்று சொல்லவும் இடம் இருக்கிறது. அந்த இடத்தை விட்டுக் கேட்பதுதான் மரியாதை. கேட்கிறவளும் நிமிர்ந்தே இருக்கிறாள்.

கடைசியாக, வறுமை. அதை எடுத்துவிடலாமா என்று நெடுநேரம் பேசினோம். அது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை, மறைக்க வேண்டியதும் இல்லை. ஆனால் எந்த இடத்தில் அது தகவல், எந்த இடத்தில் அது கெஞ்சல் என்று பிரித்தோம். உதவித்தொகை விண்ணப்பத்தில் குடும்ப வருமானம் ஒரு தகவல். அங்கே எண்ணாக எழுத வேண்டும். பேராசிரியருக்கு எழுதும் கடிதத்தில் அது அவர் மனதை இளக்குவதற்காக வைத்தது. அவர் இரக்கப்பட்டு எழுதினால் பரிந்துரையும் 'பாவம், ஏழைப் பெண்' என்றுதான் வரும். அவள் ஆய்வு செய்யத் தெரிந்தவள் என்று வர வேண்டுமானால் ஆய்வைத்தான் நினைவுபடுத்த வேண்டும்.

அனுப்பிய கடிதம் இது:

'பொருள்: பரிந்துரைக் கடிதம் வேண்டி (கடைசி நாள் ஜனவரி 31)

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் 2021–23 முதுகலைச் சமூகப்பணி வகுப்பில் உங்கள் மாணவி. தூய்மைப் பணியாளர் குடியிருப்பு பற்றிய களப்பணி அறிக்கையை உங்கள் வழிகாட்டுதலில் எழுதினேன்.

இப்போது இங்கிலாந்தில் சமூகக் கொள்கை படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். அதற்குப் பாடம் நடத்திய ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் தேவை. என் களப்பணியை நேரில் பார்த்தவர் என்பதால் உங்களைக் கேட்கிறேன். எழுதித் தர இயலுமா?

நீங்கள் சம்மதித்தால் உங்கள் கல்லூரி மின்னஞ்சல் முகவரியை விண்ணப்பத்தில் கொடுப்பேன். பல்கலைக்கழகமே ஓர் இணைப்பை அனுப்பும். அதில் கடிதத்தைப் பதிவேற்ற வேண்டும். மதிப்பெண் பட்டியல், களப்பணி அறிக்கை, விண்ணப்பக் கட்டுரை மூன்றையும் இணைத்துள்ளேன். இந்தப் பருவத்தில் நேரம் இருக்காது என்றால் சொல்லுங்கள், வேறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,'

கீழே பெயர், பதிவு எண், கைப்பேசி எண். டிசம்பர் முதல் வாரத்திலேயே அனுப்பினாள். கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்னால் கேட்டுவிட்டு எத்தனை 'தாழ்மையுடன்' போட்டாலும் அது மரியாதை ஆகாது. அவரைக் கேட்காமலே விண்ணப்பத்தில் அவர் பெயரைப் போட்டுவிடுவதும் அப்படித்தான்.

அன்று இரவு எங்களில் ஒருவர் அண்ணல் அம்பேத்கர் 1946இல் டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸுக்கு எழுதிய கடிதத்தைப் பற்றிச் சொன்னார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் பெரிய அறிஞரான டு போய்ஸை அண்ணல் நேரில் சந்தித்ததில்லை. 'டியர் ப்ரொஃபசர்' என்றுதான் தொடங்குகிறார். நேரில் பழக்கமில்லை, ஆனால் பெயரால் அறிவேன் என்கிறார். தான் இந்தியாவின் தீண்டப்படாத மக்களில் ஒருவர் என்று அறிமுகம் செய்துகொள்கிறார். அது அங்கே அழுகையாக வரவில்லை, எழுதும் காரணமாக வருகிறது. ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவின் இரண்டு மூன்று பிரதிகள் கிடைத்தால் நன்றியுடையவனாக இருப்பேன் என்று கேட்கிறார். என்ன வேண்டும், எத்தனை வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறது. அந்த ஜூலை மாதத்திலேயே டு போய்ஸ் பதில் எழுதினார். நாங்கள் மூன்று நாள் மல்லுக்கட்டித் தேடியது அந்தச் சிறிய கடிதத்தில் இருந்தது.

எங்கள் தங்கைக்கு ஒரு வாரம் பதில் இல்லை. மறுபடி மனுக்காரர் எங்களுக்குள் எழுந்தார். 'தொந்தரவுக்கு ஆயிரம் முறை மன்னிக்கவும்' என்று போடச் சொன்னோம். அவள் கேட்கவில்லை. 'வணக்கம் சார். சென்ற வாரம் அனுப்பிய பரிந்துரைக் கடித வேண்டுகோளை நினைவுபடுத்த எழுதுகிறேன். கூடுதல் விவரம் ஏதும் வேண்டுமா?' என்று இரண்டே வரிகள் எழுதினாள். மறுநாள் பதில் வந்தது. 'தேர்வுத்தாள் திருத்தும் வேலை. எழுதித் தருகிறேன்மா. அறிக்கையின் மூன்றாம் இயலைத் திரும்பப் படித்தேன், நன்றாக இருக்கிறது.'

எல்லாப் பேராசிரியரும் இப்படி இருக்க மாட்டார்கள். கும்பிடு குறைந்தால் 'திமிர் பிடித்தவள்' என்று கடிதத்தைக் கிடப்பில் போடுகிறவர்களும் உண்டு, நாங்கள் பார்த்திருக்கிறோம். அதற்காகத்தான் கடிதத்தில் அந்தக் கடைசி வரி, வேறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன் என்பது. அதை வெறும் நாகரிகத்துக்காக எழுதாதீர்கள். உண்மையிலேயே இரண்டாவது பெயர் ஒன்று கையில் இருக்கட்டும். ஒரே கதவுதான் என்று நினைக்கும்போதுதான் கை தானாகத் 'தெய்வமாக' என்று எழுதுகிறது.

இப்போது எங்கள் வகுப்பில் யார் கடிதம் எழுதினாலும் அனுப்பும் முன் ஒரு கேள்வி கேட்கிறோம். நாளை நீ பேராசிரியராக உட்கார்ந்திருக்கும்போது, நம் தெருப் பிள்ளை ஒன்று இதே கடிதத்தை உனக்கு அனுப்பினால் உனக்கு எப்படி இருக்கும்? மனசு வலித்தால் கும்பிடு கூடிவிட்டது. முகம் சுளித்தால் விறைப்பு கூடிவிட்டது. என்ன வேண்டும் என்று புரிந்து உடனே பேனாவை எடுக்கத் தோன்றினால், அனுப்பிவிடு.