820 கிலோ மல்லாட்டை

"ரிப்போர்ட் முழுசும் தமிழ்ல எதுக்கு சார்? ஒரு பக்கம் சுருக்கமா போட்டுக் குடுத்தா போதும். போர்டுல யாரு உட்கார்ந்து படிக்கப் போறாங்க?" என்று ஒரு உழவர் உற்பத்தியாளர் கம்பெனியின் சி.இ.ஓ. என்னிடம் கேட்டார். சின்ன வயது, நல்ல பையன்தான். அந்தச் சுருக்கத்தையும் அவரே எழுதி வைத்திருந்தார். நான் அதைக் கொஞ்சம் 'நல்ல தமிழ்' ஆக்கிக் கொடுத்தால் போதுமாம்.

திருவண்ணாமலையில் இந்த வேலையைச் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், போர்டில் படிக்கிறார்கள். கலசபாக்கம் பக்கத்திலிருந்து வரும் ஒரு இயக்குநர் அம்மா வரிக்கு வரி பேனாவால் கோடு போட்டுக்கொண்டு வருவார். தண்டராம்பட்டுப் பெரியவர் ஒருவர் பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வருவார். கூட்டத்தில் கேள்வி கேட்பவர்கள் இவர்கள் இரண்டு பேரும்தான்.

இந்தக் கம்பெனிகளின் அமைப்பே கொஞ்சம் விசித்திரம். 2002-இல் பழைய கம்பெனிச் சட்டத்தில் தனிப் பகுதியாகச் சேர்த்தார்கள். 2020 திருத்தத்தில் அது 2013 சட்டத்துக்குள் வந்தது. போர்டில் ஐந்து பேருக்குக் குறையாமல், பதினைந்து பேருக்கு மிகாமல் இயக்குநர்கள் இருக்க வேண்டும். பெரும்பாலும் உறுப்பினர்களான விவசாயிகளே இருப்பார்கள். சி.இ.ஓ. உறுப்பினராக இருக்கக் கூடாது, சம்பளத்துக்கு இருப்பவர். கம்பெனி சிறியதோ பெரியதோ, பட்டயக் கணக்காளரை வைத்து உள்தணிக்கை செய்தே ஆக வேண்டும். அவர் கண்டதை ஆங்கிலத்தில் எழுதுகிறார். அதற்குப் பதிலை சி.இ.ஓ. அலுவலகம் ஆங்கிலத்தில் எழுதுகிறது. இரண்டையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள், மல்லாட்டை போட்டு எடுக்கிறவர்கள். யாருடைய வேலையைப் பற்றி அறிக்கை பேசுகிறதோ அவரே அதற்குச் சுருக்கம் எழுதுவது எந்த ஊர் நியாயம்? இதைக் கேட்டால் கோபம் வருகிறது.

சுருக்கத்தில் என்ன கெடுகிறது என்பதை ஒரே ஒரு குறிப்பை வைத்துச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம்.

ஒரு கம்பெனி உறுப்பினர்களிடம் நிலக்கடலை வாங்கிக் கிடங்கில் போட்டிருந்தது. புத்தக இருப்பு 20,000 கிலோ. தணிக்கையாளர் நேரில் நின்று எடை போட்டபோது 19,180 கிலோ. 820 கிலோ குறைவு, அதாவது நூற்றுக்கு 4.1. வாங்கிய விலையான கிலோ 65 ரூபாய்க்குக் கணக்குப் போட்டால் 53,300 ரூபாய். அவர் எழுதியது மூன்று வாக்கியம். எடை இவ்வளவு குறைவாக இருந்தது. வாங்கும்போது பார்த்த ஈரப்பதத்தின் பதிவு தணிக்கையில் காட்டப்படவில்லை, கிடங்கில் எவ்வளவு எடை குறையலாம் என்று போர்டும் வரம்பு எதுவும் வைக்கவில்லை. ஆகவே இந்தக் குறைவு இயல்பானதா இல்லையா என்று கருத்துச் சொல்ல இயலவில்லை.

இதை சி.இ.ஓ. அலுவலகச் சுருக்கம் இப்படிச் சொன்னது: "820 கிலோ நிலக்கடலை குறைகிறது. ஈரப்பதப் பதிவேடு இல்லை. இழப்பு ரூ.53,300." பார்த்தால் எல்லாம் சரி போலத்தான் இருக்கும். ஆனால் இதைப் படிக்கிற விவசாயிக்கு வேறொன்று கேட்கும்: கிடங்குக்காரன் கை வைத்துவிட்டான். தணிக்கையாளர் அப்படிச் சொல்லவே இல்லை. சொல்ல முடியவில்லை என்றுதான் சொன்னார்.

இதைப் புரிந்துகொள்ள மொழி போதாது, கணக்கு வேண்டும். நூறு கிலோ காயில் 12 சதவீதம் ஈரம் இருந்தால் ஈரம் போக 88 கிலோ. அது 8 சதவீதத்துக்குக் காய்ந்தால் மொத்த எடை ஏறக்குறைய 95.65 கிலோவாக நிற்கும். நூற்றுக்கு நாலரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் காற்றில் போய்விடும். 20,000 கிலோவுக்கு அது 870 கிலோ. ஆக 820 குறைந்தது ஆச்சரியமே இல்லை. ஆனால் வாங்கும்போதே 9 சதவீதமாகக் காய்ந்து வந்த காய் என்றால் 220 கிலோ அளவுக்குத்தான் குறைய வேண்டும். மிச்சம் 600 கிலோ எங்கே என்ற கேள்வி நிற்கும். முழு விவகாரமும் வாங்கிய அன்றைய ஈரப்பதத்தில் இருக்கிறது. காட்டப்படாதது அதுதான்.

இந்தக் கணக்கை நான் தமிழ் அறிக்கையில் எழுதக் கூடாது. அது தணிக்கையாளர் சொல்லாதது. ஆனால் தெரியாமல் மொழிபெயர்த்தால் 'இழப்பு' என்று எழுதிவிடுவோம். காய்ந்த காய்க்குக் கமிட்டியில் விலை கூடுதலாகவே கிடைக்கும். எடை குறைந்ததெல்லாம் பண இழப்பு ஆகாது. சுருக்கம் எழுதியவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும், கொள்முதலே அவர் பொறுப்பு.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். செங்கம் சாலையில் அவர் வீட்டுத் திண்ணையில்தான் பாடம். ஆங்கில அறிக்கையைத் தொடவே மாட்டார். "மொதல்ல சொல்லு, ஆடிட்டர் இதைக் கண்ணால பார்த்தாரா, கேட்டாரா, ஊகிச்சாரா?" என்பார். பென்சிலால் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் அதைக் குறிக்கச் சொல்வார். அதன் பிறகுதான் தமிழ். நேரில் பார்த்தது என்றால் 'காணப்பட்டது'. கேட்டு வரவில்லை என்றால், அவர் துறையில் வழக்கமாக எழுதுகிறபடி, 'தணிக்கைக்கு முன்னிலைப்படுத்தப்படவில்லை'. பார்க்க வழியே இல்லை என்றால் 'சரிபார்க்க இயலவில்லை'. ஊகம் என்றால் 'எனத் தெரிகிறது'. இந்த நான்கையும் கலக்கக் கூடாது. கலந்தால் தாளை மடக்கிக் கையில் கொடுத்துவிடுவார். திட்டு கிடையாது, காபியும் கிடையாது.

'முன்னிலைப்படுத்தப்படவில்லை' என்ற தொடரை நான் இப்போது எழுதுவதில்லை. விவசாயிக்கு அது எட்டவில்லை. 'தணிக்கையாளர் கேட்டபோது காட்டப்படவில்லை' என்று போடுகிறேன். பெரியவருக்கு இதில் கடைசி வரை உடன்பாடில்லை. அலுவலகத் தமிழுக்கு ஒரு பழக்கம் உண்டு, அதை உடைத்தால் பத்து வருஷம் கழித்துப் பழைய அறிக்கையோடு ஒப்பிட முடியாது என்பது அவர் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் 'காட்டவில்லை' என்று மட்டும் நானும் எழுத மாட்டேன். 'காட்டவில்லை' என்றால் காட்டாதவர் யார் என்று தமிழ் உடனே தேடும். அறிக்கையில் பெயர் இல்லாதபோது நாமாக ஒருவரை நிறுத்தக் கூடாது.

நிலக்கடலைக் குறிப்பு போர்டுக்கு வந்த கூட்டத்தில் 'காட்டப்படவில்லை' என்ற அந்த ஒரு தொடர்தான் வேலை செய்தது. "காட்டப்படலன்னா, எங்கியோ இருக்குதுன்னுதானே அர்த்தம்?" என்று கலசபாக்கத்து அம்மா கேட்டார். தேடினார்கள். தனிப் பதிவேடு கிடைக்கவில்லை. ஆனால் எடைச் சிட்டைகளில் ஒரு பகுதியின் பின்பக்கம் ஈரப்பதத்தைக் கையால் எழுதி வைத்திருந்தார்கள். 11, 12 என்று இருந்தது. மீதிச் சிட்டைகளில் ஒன்றும் இல்லை. கிடங்கில் இருந்தவர் தப்பித்தார் என்று சொல்ல முடியாது. மாட்டினார் என்றும் சொல்ல முடியாது. இனி ஒவ்வொரு சிட்டையிலும் ஈரப்பதம் எழுத வேண்டும், எடைக்குறைவுக்கு வரம்பு வைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 'இல்லை' என்று எழுதியிருந்தால் தேடியிருக்கவே மாட்டார்கள். கிடங்குக்காரரை வேலையை விட்டு நிறுத்திவிட்டு டீ குடித்திருப்பார்கள்.

நிர்வாகத்தின் பதில்கள் வேறு தினுசான தலைவலி. அந்தக் குறிப்புக்கு வந்த பதில்: காய்ந்ததால் குறைந்தது, குறித்துக்கொள்ளப்பட்டது, வருங்காலத்தில் உறுதி செய்யப்படும். தணிக்கையாளர் கேட்டது ஈரப்பதப் பதிவை. பதிலில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. யார் உறுதி செய்வார், எந்தத் தேதிக்குள் என்பதும் இல்லை. ஆங்கிலத்தில் இது வழுக்கிக்கொண்டு போகும். தமிழில் 'உறுதி செய்யப்படும்' என்று எழுதும்போதே எனக்குக் கை அரிக்கும், 'கிடங்குப் பொறுப்பாளர் உறுதி செய்வார்' என்று போட. போடக் கூடாது. போட்டால் நிர்வாகம் தராத வாக்குறுதியை நான் தந்ததாகிவிடும். அடுத்த தணிக்கையில் அந்தப் பொறுப்பாளர் தலையில் அது விழும். மழுப்பல் பதில் தமிழிலும் மழுப்பலாகவே வர வேண்டும், அழகான தமிழில் வந்தால்தான் ஆபத்து. நான் செய்வது இவ்வளவுதான்: அறிக்கையின் பத்தி எண்ணை மாற்றாமல், குறிப்பை இடப்பக்கமும் பதிலை வலப்பக்கமும் எதிரெதிராக வைக்கிறேன். இடப்பக்கம் ஈரப்பதம் என்று இருக்கும், வலப்பக்கம் இருக்காது. வெற்றிடம் தானாகத் தெரியும். 'யார்', 'எந்தத் தேதிக்குள்' என்ற கட்டங்கள் ஆங்கிலப் படிவத்திலேயே உண்டு. அவை காலியாக வந்தால் தமிழிலும் காலிக் கட்டமாகவே போகும். சுருக்கம் எழுதுகிறவர்கள் முதலில் தூக்கி எறிவது இந்தக் கட்டங்களைத்தான்.

'ஒப்புக்கொள்கிறோம்' என்று ஆரம்பித்து உள்ளே ஒன்றையும் ஒப்புக்கொள்ளாத பதில்களும் வரும். அவற்றைத் தமிழாக்குவதில் ஒரு கஷ்டமும் இல்லை. நம் ஊர் கல்யாணப் பேச்சு பேசிப் பழகியவனுக்கு அந்த நடை அத்துப்படி.

சட்டப்படி போர்டு கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாக அறிவிப்பு அனுப்ப வேண்டும். தமிழ் அறிக்கையும் அதோடு போனால்தான் பேரன் வாசிக்கத் தாத்தா கேட்க முடியும். என் கைக்கு வருவதோ கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது. பௌர்ணமியை ஒட்டிக் கூட்டம் வைத்தால் இன்னும் மோசம், கிரிவலக் கூட்டத்தில் பஸ் நகராது, இயக்குநர்களில் பாதிப் பேர் வந்து சேர மாட்டார்கள். வராதவர்களுக்குத் தாள் மட்டும்தான் கூட்டம். கூலியும் பக்கக் கணக்குத்தான், கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு டைப் அடிக்கும் ரேட். தணிக்கையாளருக்கு போன் போட்டு 'இந்த வாக்கியத்தில் நீங்கள் பார்த்தீர்களா, கேட்டீர்களா' என்று விசாரிக்கும் நேரத்துக்குப் பக்கம் கிடையாது. அரைப் பக்கம் கூடினால் 'ஆங்கிலத்துல இவ்வளவு இல்லையே' என்று பில்லைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அந்த ஒரு பக்கச் சுருக்கத்தை நான் திருத்திக் கொடுக்கவில்லை. அடுத்த அறிக்கை வேறு யாரிடமோ போயிற்று. அதன் பிரதி ஒன்றைக் கலசபாக்கத்து அம்மா கொண்டுவந்து காட்டினார். அதே நிலக்கடலைக் குறிப்பு மறுபடி வந்திருந்தது, வரம்பு இன்னும் வைக்கப்படவில்லை என்று. பதில் பத்தியில் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று போட்டிருந்தார்கள். ஆங்கில மூலத்தை வாங்கிப் பாருங்கள், 'எடுக்கப்பட்டு வருகிறது' என்றுதான் இருக்கும் என்றேன். கூட்டத்தில் கேட்கிறேன் என்று சொல்லி, அந்த வரியின் கீழும் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டு போனார்.